இரண்டு மணிக்குக் கரண்ட் போன அறை: தடயவியல் வைவாவில் நான் சறுக்கிய கேள்வி

எம்.டி. தடயவியல் மருத்துவ வைவாவில் வெளித்தேர்வாளர் கொடுத்த கேஸ் இது. என் சொந்த ஊர் காரைக்குடி என்று பேச்சில் வந்ததும், சம்பவத்தை ஒரு செட்டிநாட்டு வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

வளவை ஒட்டிய அறை. கட்டிலில் வேட்டி மட்டும் கட்டிய, 70 கிலோ எடையுள்ள ஆண் சடலம். காலை 7 மணிக்கு மலக்குடல் வெப்பநிலை 33.5 டிகிரி செல்சியஸ், அறை 29. ஏ.சி. 24இல் ஓடிக்கொண்டிருந்தது, இரவு 2 மணிக்குக் கரண்ட் போனது, பிறகு வரவேயில்லை. இறந்தது எத்தனை மணிக்கு?

உடல் குளிர்ந்த அளவை வைத்து இறந்த நேரத்தைக் கணக்கிடும் ஹென்ஸ்கே சூத்திரத்தில் நான் 29ஐப் போட்டேன். பதினொன்றரை மணி நேரம் வந்தது. "ராத்திரி ஏழரை மணி வாக்குல சார்" என்றேன்.

"காலையில நீங்க பார்த்த 29, ராத்திரி பூரா அப்படியே இருந்துச்சுன்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். கரண்ட் போனதை அவரே சொல்லியிருந்தும் நான் காதில் வாங்கவில்லை. பிளஸ் டூவில் நியூட்டன் குளிர்வு விதிக் கணக்குப் போட்ட காலத்திலிருந்தே அறை வெப்பநிலை மாறாது என்று கை பழகிவிட்டது.

அவசரத்தில் 24ஐப் போட்டுப் பார்த்தேன். ஏழே மணி நேரம், அதாவது நள்ளிரவு. ஒரே சடலத்துக்கு நாலரை மணி நேர வித்தியாசத்தில் இரண்டு விடைகள். காரணம் எளிது. 29 டிகிரி அறையில் உடலுக்கும் காற்றுக்கும் இடைவெளி குறைவு, உடல் மெதுவாகக் குளிரும். அதனால் கணக்கு சாவைப் பின்னுக்குத் தள்ளுகிறது. 24இல் நேர்மாறு.

சரியான வழி, காலையிலிருந்து பின்னோக்கி நடப்பது. அறை 23 டிகிரிக்கு மேல் இருந்தால் எடுக்கும் சூத்திரம் இது:

```
(Tr - Ta)/(37.2 - Ta) = 1.11·exp(B·t) - 0.11·exp(10·B·t)
B = 0.0284 - 1.2815·M^(-0.625)
```

Tr என்பது மலக்குடல் வெப்பநிலை, Ta அறை வெப்பநிலை, t இறந்து ஆன மணி நேரம், M எடை. 70 கிலோவுக்கு B சுமார் -0.062. வேட்டிக்காகத் திருத்தம் எதுவும் வேண்டாம் என்று தேர்வாளர் சொல்லிவிட்டார். இரண்டாவது உறுப்பு, இறந்தவுடன் சில மணி நேரம் உடல் அவ்வளவாகக் குளிராமல் நிற்கும் கட்டத்துக்கானது. அது கடந்தபின் சாதாரண நியூட்டன் குளிர்வு போதும்.

முதலில் 7 மணியிலிருந்து 2 மணி வரை. இப்போது உடல் அறையைவிட 4.5 டிகிரி அதிகம். ஐந்து மணி நேரத்துக்கு முன்னால் அந்த வித்தியாசம் exp(0.062 × 5), அதாவது சுமார் 1.36 மடங்கு இருந்திருக்கும்: 6.1. ஆக 2 மணிக்கு உடல் 35.1. அங்கிருந்து அறையை 24 ஆக்கி மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் இன்னும் 4.3 மணி நேரம் பின்னால் போகிறது. இரவு 9.40. முதல் கட்டம் அதற்குள் ஓய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள்: 4.3 மணியில் இரண்டாவது உறுப்பு 0.01ஐக்கூடத் தொடவில்லை, ஆகவே நடந்த வழி சரி.

"சரி, கோர்ட்டில் என்ன சொல்வீங்க?" இதற்கும் 9.40 என்றே சொல்லியிருப்பேன், நல்லவேளை சுதாரித்தேன். இந்த முறைக்கு நல்ல சூழலிலேயே 95 சதவீத எல்லை ±2.8 மணி. ஆக மாலை 6.50 முதல் நள்ளிரவு 12.30 வரை, அறை மாறியதால் இதற்கும் கொஞ்சம் அகலமாக. வெறும் 29ஐ நம்பியிருந்தால் இந்த நேர வரம்பு இரவு 10.25க்கே முடிந்திருக்கும், 11 மணிக்கு வீட்டுக்குள் போனவர் தப்பித்திருப்பார்.

அந்தப் படிக்கட்டு மாதிரியான மாற்றமும் நம் வசதிக்குத்தான். கரண்ட் போனதும் அறை சட்டென்று 29ஐத் தொடாது. பகல் வெயிலைக் குடித்த தடித்த சுண்ணாம்புச் சுவர் மெல்லச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். ஏற்றம் மெதுவாக இருந்தால் சாவு 9.40க்குப் பிந்தியது. அதனால் மறுநாள் அதே அறையில் கதவைச் சாத்தி, ஏ.சி.யை ஓடவிட்டு, 2 மணிக்கு அணைத்து, வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். வந்த எண்களை மணிக்கு மணி வைத்துப் பின்னோக்கி நடக்கலாம். கரண்ட் போன நேரத்தை வீட்டாரிடம் மட்டும் கேட்காமல் துணை மின்நிலையப் பதிவில் சரிபாருங்கள்.

வராண்டாவில் காத்திருக்கும்போது சீனியர் அக்கா சொன்னது இன்னொன்று: அறை வெப்பநிலையை உடலின் உயரத்தில், பக்கத்திலேயே எடு, போலீஸ் சன்னலைத் திறந்து ஃபேனைப் போடும் முன் எடு. உடல் ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் கிடந்தால் தரையின் சூட்டையும் எழுதிக்கொள். பாலியல் வன்முறைச் சந்தேகம் இருந்தால் ஸ்வாப் எடுத்த பிறகே தெர்மாமீட்டர்.

கடைசியாகத் தேர்வாளர் கேட்டது, "இதே கேஸ் மே மாசம், மூடின மாடி அறை, 37 டிகிரி. இப்ப?" குளிர இடமே இல்லையே சார், உடல் விறைப்பையும் கண்ணின் விட்ரியஸ் நீரில் பொட்டாசியத்தையும்தான் பார்க்கணும் என்றேன். தலையாட்டி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.