வலது ஓரத்தில் ஒரு மங்கல் கோடு

"சார், வலது பக்கம் ஒரு கோடு தெரியுது, பாருங்க" என்றார் ஜூனியர், ஸ்கோப் திரையைக் காட்டி. பார்த்தேன், தெரிந்தது. "புரோப் கிரவுண்டா இருக்கும்மா. பெர்சிஸ்டன்ஸை கிளியர் பண்ணிட்டு இன்னொரு தடவை எடுத்துடுங்க" என்றேன்.

நடந்தது இவ்வளவுதான், பத்து வினாடிகூட இருக்காது. அதன் பிறகு எத்தனையோ ரிவ்யூவில் உட்கார்ந்துவிட்டேன், இதைவிடப் பெரிய தவறுகளும் செய்திருக்கிறேன். ஆனாலும் ஸ்கோப் முன்னால் உட்காரும்போதெல்லாம் இந்தப் பத்து வினாடிதான் திரும்ப ஓடுகிறது. ஏனென்றால் அது கிரவுண்டு இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தேதான் சொன்னேனா என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

அளந்துகொண்டிருந்தது ஒரு மோட்டார் போர்டின் ஓவர்கரன்ட் சிக்னலை. கரன்ட் எல்லை மீறினால் கம்பேரட்டர் ஒரு பின்னை உயர்த்தும். அந்த எட்ஜில் இன்டரப்ட் வந்து, நம் மென்பொருள் இன்னொரு பின்னை மாற்றி, மோட்டார் ஸ்விட்ச்களை இயக்கும் கேட் டிரைவரை அணைக்க வேண்டும். எட்ஜிலிருந்து அணைப்பு வரை 2 மைக்ரோ வினாடி என்று ஸ்பெக்கில் எழுதியிருந்தோம். (டைமரின் பிரேக் இன்புட்டில் இழுத்திருந்தால் மென்பொருளே குறுக்கே வந்திருக்காது. போர்டு அச்சாகி வந்த பிறகுதான் அந்த ஞானம் வந்தது.) கார்டெக்ஸ்-எம்4, 168 மெகாஹெர்ட்ஸ். ஒரு சைக்கிள் ஏறக்குறைய 6 நானோ வினாடி.

ரிவ்யூவில் நான் ஏற்கெனவே, இன்டரப்ட் வந்ததும் அதற்கான ஃபங்ஷனான ஹேண்ட்லர் தொடங்க "பன்னிரண்டு சைக்கிள்" என்று சொல்லிவிட்டிருந்தேன். அதாவது 71 நானோ வினாடி. அந்த எண் பொய் இல்லை. எட்டு ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் வைப்பதும், அதே நேரத்தில் இன்னொரு பஸ் வழியாக வெக்டர் முகவரியை எடுப்பதும் சேர்ந்து பன்னிரண்டு சைக்கிள்தான். ஆனால் மெமரியில் காத்திருப்பே இல்லாவிட்டால்தான் அந்தக் கணக்கு. எங்கள் ஃப்ளாஷுக்கு அந்த வேகத்தில் 5 வெயிட் ஸ்டேட். சிப்புக்குள் இருக்கும் சின்ன கேஷ் அதை மறைத்துவிடும் என்பார்கள். அடிக்கடி ஓடும் லூப்புக்கு மறைக்கும்தான். நாள் கணக்கில் வராமல் திடீரென்று ஒரு நாள் வரும் ஓவர்கரன்ட் ஹேண்ட்லர் கேஷில் எதற்கு உட்கார்ந்திருக்கப் போகிறது? அதன் வெக்டரும் முதல் கட்டளையும் ஃப்ளாஷிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அதனால் அளக்கலாம் என்று முடிவெடுத்தோம். முறை எளிது. ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை இன்டரப்ட் பின்னுக்குக் கொடுத்து, அதையே ஸ்கோப்பின் முதல் சேனலில் டிரிகராக வைப்பது. ஹேண்ட்லர் உயர்த்தும் பின் இரண்டாவது சேனல். இரண்டு எட்ஜுக்கும் நடுவில் இருப்பதுதான் லேட்டன்சி. பின்னை மாற்றும் வரி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அளவே மாறிவிடும். முதலில் எடுத்தபோது 350 நானோ வினாடி சொச்சம், சுமார் 60 சைக்கிள். லைப்ரரியின் ஹேண்ட்லர் எந்தப் பின் என்று பார்த்து, ஃப்ளாகை அழித்து, கால்பேக்கைக் கூப்பிட்டு, அதற்கு உள்ளே ஒரு இஃப் தாண்டித்தான் எங்கள் வரி வந்தது. ஜூனியர்தான் அதைக் கவனித்து, ஹேண்ட்லரின் முதல் வரியிலேயே ரெஜிஸ்டரில் நேரடியாக எழுதும்படி போட்டார்:

```c
void EXTI0_IRQHandler(void)
{
    GPIOB->BSRR = (1u << 5);
    EXTI->PR = (1u << 0);
    ...
}
```

இப்போது 170 நானோ வினாடி அளவு. பின்னின் வேகத்தை "லோ"விலேயே விட்டிருந்ததால் எட்ஜ் சாய்வாக ஏறியது, அதையும் அவரே மாற்றினார். சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்குப் பெருமையாகவே இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும், அன்று அவர்மீது எனக்கு எரிச்சல் எதுவும் கிடையாது.

அப்புறம் அவர், வந்த கோடு எதுவும் திரையிலிருந்து மறையாதபடி பெர்சிஸ்டன்ஸை இன்ஃபினிட்டில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். 170-ல் தடித்த கோடு. அதற்கு வலது பக்கம் தூரத்தில் மங்கலாக ஒரு பத்துப் பதினைந்து கோடுகள் சிதறிக் கிடந்தன. ஒன்று 1 மைக்ரோ வினாடியில், ஒன்று 3-ல், இன்னொன்று 4-க்கு மேல். அவர் விரலை வைத்துக் காட்டியது கடைசிக் கோட்டை. ஐந்தேமுக்கால் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வெட்டினாற்போல வெறுமை.

நான் சொன்ன கிரவுண்டு காரணத்தை இங்கே கொஞ்சம் நியாயமாகப் பார்க்கிறேன். புரோபின் நீளமான கிரவுண்டு வயர் தொந்தரவு தருவது உண்மை. வேகமான எட்ஜ் ஏறியதும் மேலே கீழே நடுங்கும். ஆனால் அந்த நடுக்கம் எட்ஜின் தலையில்தான் வரும், சில பத்து நானோ வினாடியில் அடங்கிவிடும். எட்ஜையே தூக்கி 5 மைக்ரோ வினாடி தள்ளிக்கொண்டுபோய் வைக்காது. திரையில் நான் பார்த்தது நடுக்கம் இல்லை. ஒவ்வொரு கோடும் முழுசான, ஒழுங்கான எட்ஜ், தாமதமாக வந்திருந்தது, அவ்வளவுதான். அதோடு சிதறலின் வடிவமே கதையைச் சொல்லிவிடும். யாரோ ஐந்தரை மைக்ரோ வினாடிக்கு இன்டரப்ட்டை மூடி வைத்திருக்கிறார்கள். எட்ஜ் அந்த ஜன்னலுக்குள் எங்கே விழுகிறதோ, மீதி நேரம் அது காத்திருக்க வேண்டும். ஜன்னலின் ஆரம்பத்தில் விழுந்தால் முழுத் தாமதம், கடைசியில் விழுந்தால் கொஞ்சம். அதனால்தான் கோடுகள் சமமாகப் பரவி ஒரு இடத்தில் சட்டென்று நின்றன. மின் இரைச்சல் என்றால் அப்படி நிற்காது.

இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். மறுநாள் காலை ரிவ்யூ என்பதும் தெரியும்.

இரண்டாவது தடவை எடுத்த படம் சுத்தமாக வந்தது. ஒரு மணி நேரம், ஒரே தடித்த கோடு. அதை ஆவணத்தில் போட்டு "அதிகபட்சம் 0.2 மைக்ரோ வினாடி" என்று எழுதினோம். ஏன் சுத்தமாக வந்தது என்பது பல வாரம் கழித்துத்தான் புரிந்தது. இரண்டாவது தடவை எடுப்பதற்குள் ஜெனரேட்டரை வேறு மேஜைக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அதனால் அவர் அதே போர்டின் டைமர் ஒன்றிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸை எடுத்து, ஒரு வயரால் இன்புட் பின்னில் செருகியிருந்தார். என்னிடம் சொன்னாரா என்று நினைவில்லை. சொல்லியிருந்தாலும் "பரவாயில்லை" என்றுதான் சொல்லியிருப்பேன். டைமரும் சிஸ்டம் டிக்கும் ஓடுவது ஒரே கிளாக்கில். டிக்கிலிருந்து எட்ஜ் எவ்வளவு தள்ளி வருகிறது என்பது பூட் ஆகும்போதே முடிவாகிவிடுகிறது. முதல் தடவை ஜன்னலில் விழாத எட்ஜ் நாள் முழுக்க ஓடினாலும் விழாது. சோதனையை வாரக் கணக்கில் விட்டிருந்தாலும் அதே அழகான படம்தான் கிடைத்திருக்கும்.

வெளியே வந்தது நீண்ட சோதனை ஓட்டத்தில் ஒரு ஸ்விட்ச் எரிந்தபோது. காரணம் தேடுகையில் லாக் எழுதும் ஃபங்ஷனைப் பிரித்தோம். சிஸ்டம் டிக் கணக்கில் வினாடிக்கு ஒரு தடவை 64 பைட் செய்தியை ரிங் பஃபருக்குள் ஒவ்வொரு பைட்டாக நகலெடுக்கும். நடுவில் யாரும் புகுந்துவிடக் கூடாது என்று `__disable_irq()` போட்டிருந்தது. ஆப்டிமைசேஷன் குறைவாக இருந்த பில்டில் ஒரு பைட்டுக்கு 15 சைக்கிள் என்று வைத்தால் 960 சைக்கிள், 5.7 மைக்ரோ வினாடி. திரையில் கோடுகள் வெட்டினாற்போல நின்ற இடம் அதுதான். எழுதியது யார் என்று பார்த்தேன். நான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு ஆயிரம் எட்ஜ், ஒவ்வொன்றும் 5.7 மைக்ரோ வினாடி ஜன்னலில் விழ வாய்ப்பு. சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒன்று. 2 மைக்ரோ வினாடியைத் தாண்டுவது மட்டும் என்றால் நாலரை நிமிடத்துக்கு ஒன்று. அன்று ஒரு மணி நேரத்தில் அவர் பார்த்த பத்துப் பதினைந்து கோடுகளோடு இது ஒத்துப் போகிறது.

திருத்தம் சின்னதுதான். எல்லா இன்டரப்ட்டையும் மூடாமல், ஒரு முன்னுரிமைக்குக் கீழே இருப்பவற்றை மட்டும் மூடுவது:

```c
uint32_t old = __get_BASEPRI();
__set_BASEPRI(5u << 4);
/* நகலெடுப்பு */
__set_BASEPRI(old);
```

எண் குறையக் குறைய முன்னுரிமை அதிகம். ஓவர்கரன்ட்டுடையது 1, அதனால் அது இதைத் தாண்டி வந்துவிடும். பதிலுக்கு அந்த ஹேண்ட்லர் லாக் பக்கமே போகக் கூடாது. இந்த முறை தனி ஜெனரேட்டரில், 997 ஹெர்ட்ஸில், இரண்டு எட்ஜுக்கு இடையில் 1 மைக்ரோ வினாடி தாண்டினால் மட்டும் நிற்கும்படி டிரிகர் வைத்து இரவு முழுக்க ஓட்டினோம். ஸ்கோப் நிற்கவே இல்லை.

எரிந்த ஸ்விட்ச் அந்தத் தாமதத்தால்தான் எரிந்ததா? தெரியாது. ஓவர்கரன்ட் வந்து, அது சரியாக வினாடிக்கு ஒரு தடவை வரும் அந்த ஐந்தரை மைக்ரோ வினாடிக்குள் விழ வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. அந்தப் போர்டில் சால்டரிங்கும் மோசம்தான். இந்த வாதத்தை நான் எனக்குள் பல தடவை ஜெயித்திருக்கிறேன். ஜெயித்த பிறகும் அந்த விரல் திரையில் இருக்கிறது.

அவரிடம் நான் இதைப் பேசவே இல்லை. திருத்தத்தை அவரிடமே கொடுத்தேன், செய்தார், "சரி சார்" என்றார். முதல் படம் அவரிடம் இருந்ததா, கிளியர் பண்ணச் சொன்னதால் போய்விட்டதா என்று கேட்க வாய் வரவில்லை. அதன் பிறகு அவர் ஸ்கோப்பில் எதையும் காட்ட என்னைக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. தேவைப்படாமல்கூட இருந்திருக்கலாம்.

புது ஆவணத்தில் "14 மணி நேரத்தில் கண்ட அதிகபட்சம் 0.21 மைக்ரோ வினாடி" என்று எழுதினேன். அதிகபட்சம் வேறு, கண்ட அதிகபட்சம் வேறு என்று ஒரு வரியும் சேர்த்தேன். செட்டிங்கைச் சேமிக்க ஃப்ளாஷை அழிக்கும்போது, ஹேண்ட்லர் அதே ஃப்ளாஷில் இருப்பதால், அழித்து முடியும் வரை கட்டளையே கிடைக்காமல் கோர் நின்றுவிடும். அங்கே `BASEPRI` ஒன்றும் செய்யாது. ஹேண்ட்லரையும் வெக்டர் டேபிளையும் ரேமுக்கு மாற்ற வேண்டும், நாங்கள் மாற்றவில்லை. மோட்டார் ஓடும்போது சேமிக்க விடுவதில்லை என்பதால் பரவாயில்லை என்று முடிவானது. ரிவ்யூவில் ஒருவர் "கண்ட என்ற வார்த்தை எதுக்கு, வாடிக்கையாளர் குழம்புவார்" என்றார். எடுத்துவிட்டேன்.