பழைய மேனேஜரிடம் ஒரு அஃபிடவிட் கேட்பது

சென்னையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் 2015 முதல் 2021 வரை வேலை பார்த்தேன். விலகும்போது கையில் கொடுத்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் நாலே வரிதான் இருந்தது. பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, ‘எக்சிக்யூட்டிவ் – ப்ராஜெக்ட்ஸ்’ என்று ஒரு பதவி, கடைசியில் ஒரு வாழ்த்து. ஊரில் அடுத்த வேலைக்குச் சேர அது தாராளம். கனடாவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமைக்கு, விண்ணப்பிக்கும்போது அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே குடிவரவுத் துறை கேட்கும் கடிதம் வேறு மாதிரி. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். வகித்த பதவிகள், ஒவ்வொன்றிலும் செய்த வேலைகள், வேலை பார்த்த காலம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருடச் சம்பளமும் மற்ற சலுகைகளும், கூடவே நேரடி மேலதிகாரி அல்லது ஹெச்.ஆர். அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து. இதில் உயிர்நாடி ‘செய்த வேலைகள்’ என்ற பகுதிதான். நான் சிவில் இன்ஜினியர் என்று சொல்லி விண்ணப்பிக்கிறேன். கனடாவின் தொழில் வகைப்பாட்டில் அதன் எண் 21300. அந்த எண்ணுக்குக் கீழே எழுதியிருக்கும் வேலைகளை நான் உண்மையிலேயே செய்தேனா என்று அதிகாரி கடிதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். ‘எக்சிக்யூட்டிவ்’ என்ற சொல்லிலிருந்து அவருக்கு எதுவும் புரியப்போவதில்லை.

மார்ச் நடுவில் விண்ணப்பிக்க அழைப்பு வந்தது. அன்றிலிருந்து 60 நாள். நீட்டிப்பு கிடையாது. முதலில் ஹெச்.ஆருக்கு எழுதினேன். வேலை விவரம் எழுதிக் கொடுப்பது எங்கள் பாலிசியில் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வருத்தம்தான், ஆனால் அந்தப் பதிலை பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். லெட்டர்ஹெட் கடிதம் ஏன் இல்லை என்று விளக்கம் எழுதும்போது, கேட்டும் தரவில்லை என்பதற்கு அந்த மெயில்தான் சாட்சி. ஹெச்.ஆர். எப்படியும் தராது என்று கேட்காமலே விட்டுவிடுகிறவர்களுக்கு இந்தச் சாட்சி இருக்காது.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகப் போகும் பாதை, பழைய மேலதிகாரியிடம் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், அதாவது அஃபிடவிட், வாங்குவது. கம்பெனிக் கடிதத்துக்கு இருக்கும் எடை இதற்கு இல்லை; ஏற்பதும் ஏற்காததும் அதிகாரி கையில். அதனால் சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக், சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் கூடவே போக வேண்டும். நான் அங்கே வேலை பார்த்ததை இந்தக் காகிதங்கள் சொல்லும். அங்கே என்ன வேலை பார்த்தேன் என்பதை ஒரு மனிதர்தான் சொல்ல முடியும்.

எனக்கு அந்த மனிதர் என் ப்ராஜெக்ட் மேனேஜர். 2019-ல் அவரும் அந்த நிறுவனத்தை விட்டுவிட்டு கோயம்புத்தூரில் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டார். நாங்கள் பேசி வருடக்கணக்காகிவிட்டது. பொங்கலுக்கு ஒரு வாழ்த்துப் படம் போவதோடு சரி. இப்படிப்பட்டவரிடம் உதவி கேட்கும்போது நம்மில் பலர் ‘சௌக்கியமா சார், வீட்டில் எல்லாரும் எப்படி’ என்று மூன்று நாள் வளர்த்துவிட்டு நாலாவது நாள் விஷயத்துக்கு வருவோம். எதிராளிக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும், ஏதோ வேண்டியிருக்கிறது என்று. அதனால் நேராக எழுதினேன். அவர் சைட்டில் ஓடிக்கொண்டே இருப்பவர், மெயிலை இரவில்தான் பார்ப்பார். மொத்தத்தையும் ஒரே மெயிலில் போட்டு, ‘மெயில் பார்க்கவும் சார்’ என்று வாட்ஸப்பில் ஒரு வரி மட்டும் அனுப்பினேன். மெயிலில் இருந்தது இது:

“வணக்கம் சார். பெரும்பாக்கம் சைட்டில் உங்களிடம் இருந்தேன். இப்போது டொரண்டோவில் இருக்கிறேன். பி.ஆர். விண்ணப்பத்துக்கு, 2015 ஜூன் முதல் 2019 மார்ச் வரை உங்கள் கீழ் நான் செய்த வேலைகளைப் பற்றி ஒரு அஃபிடவிட் தேவைப்படுகிறது. நம் பழைய கம்பெனி தர மறுத்துவிட்டது. அவர்கள் பதிலை இணைத்திருக்கிறேன். உங்களுக்கு ஞாபகம் வருவதற்காகச் சில விஷயங்கள்:

2015 டிசம்பர் வெள்ளத்தில் பெரும்பாக்கம் அடித்தளக் குழி நிறைந்தது. தண்ணீர் வடிந்த பிறகும், மண்ணை மறுபடி சோதிக்காமல் பி.சி.சி. போடக்கூடாது என்று வேலையை நிறுத்தினீர்கள். அந்தச் சோதனைகளை எடுக்க வைத்து ரிப்போர்ட் எழுதியது நான்.

2017-ல் ஒரகடம் வேலையில் ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்டுக்கு மாறினோம். ட்ரையல் மிக்ஸ் போட்டு, 7 நாள், 28 நாள் க்யூப் ரிசல்ட்டுகளை ஒப்பிட்டு எந்த மிக்ஸ் சரி என்று உங்களுக்குப் பரிந்துரைத்தேன்.

அதே வேலையில் வாராந்திர அட்டவணையை நான்தான் வைத்திருந்தேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் எந்த வேலை பின்தங்குகிறது என்று நான் சொல்வேன், நீங்கள் கான்ட்ராக்டரைப் பிடிப்பீர்கள்.

இவை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறபடி சரியாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள் சார். விண்ணப்பத்தின் கடைசி நாள் மே நடுவில். ஏதாவது திருத்த வேண்டியிருந்தால் நேரம் வேண்டும் என்பதால், ஏப்ரல் 20-க்குள் கிடைத்தால் நல்லது. முடியாது என்றாலும் தயங்காமல் சொல்லிவிடுங்கள், வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.”

அந்த மூன்று பழைய கதைகளும் பாசத்துக்காகப் போட்டவை அல்ல. வகைப்பாட்டுப் பட்டியலில் சிவில் இன்ஜினியருக்குச் சொல்லியிருக்கும் வேலைகளில் கட்டுமானப் பொருட்களை மதிப்பிட்டுப் பரிந்துரைப்பது ஒன்று, அது எம்-சாண்ட். வேலை அட்டவணை போட்டுக் கண்காணிப்பது இன்னொன்று. அது திங்கட்கிழமை மீட்டிங். களத்தில் எடுத்த மண் விவரங்களை ஆராய்ந்து ரிப்போர்ட் எழுதுவது மற்றொன்று. அது வெள்ளத்துக்குப் பிறகு நிறுத்தி வைத்த குழி. பட்டியலின் வாசகங்களை அப்படியே அள்ளி அஃபிடவிட்டில் கொட்டுகிறவர்கள் உண்டு. அதிகாரிகள் அந்த வாசகங்களை நாள்தோறும் பார்க்கிறவர்கள். அதைவிட, கையெழுத்துப் போடுகிறவர் சத்தியம் செய்கிறார். தனக்கு ஞாபகமே இல்லாத ஒரு வாக்கியத்துக்கு அவர் ஏன் சத்தியம் செய்ய வேண்டும்? எம்-சாண்ட் என்று சொன்னால் அவருக்கே படம் ஓடும்.

ஒரு வாரம் சத்தமே இல்லை. அவர்கள் பக்கம் மார்ச் கடைசி, பில், ஹேண்ட் ஓவர் என்று தலைக்கு மேல் வேலை இருக்கும் நேரம். ஞாபகப்படுத்தலில் ‘பார்த்தீர்களா சார்?’ என்று கேட்டால் ‘பார்க்கிறேன்மா’ என்று மட்டும்தான் பதில் வரும். அதனால் அவர் செய்ய வேண்டிய வேலையைச் சின்னதாக்கி எழுதினேன்: “சார், டிராஃப்ட் இணைத்திருக்கிறேன், ஒன்றரைப் பக்கம்தான். தவறு எங்கே என்று வாய்ஸ் நோட்டில் சொன்னால் போதும், நான் திருத்தி அனுப்புகிறேன். ஏப்ரல் 14 விடுமுறை. அதற்கு முந்தைய வாரத்தில் அரை மணி நேரம் கிடைத்தால் நோட்டரி வேலையை முடித்துவிடலாம்.”

மறுநாள் நான் எழுந்திருப்பதற்குள் வாய்ஸ் நோட்டு வந்திருந்தது. கோடையில் நமக்கும் சென்னைக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசியிருந்தார். வடிவமைப்பில் என் பங்கு என்ன என்ற இடத்தை அவர் சொல்லட்டும் என்று காலியாக விட்டிருந்தேன். “ட்ராயிங் செக் பண்ணினது நீ, அப்ரூவ் பண்ணினது கன்சல்டன்ட். அப்படியே எழுது. கம்பி ஷெட்யூல்ல தப்பு கண்டுபிடிச்சியே, அதை ஏன் விட்டுட்ட?” என்றார். அந்த விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. டிராஃப்ட்டில் இருந்ததிலேயே வலுவான பத்தி கடைசியில் அதுதான்.

அவருக்கு ஒரு பயமும் இருந்தது. “ஏம்மா, இதுல சைன் பண்ணினா எனக்கு ஏதும் வருமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதிகாரி சரிபார்ப்பதற்காக மெயிலோ போனோ செய்யலாம், நீங்கள் பத்திரத்தில் சொன்னதையே சொன்னால் போதும் என்றேன். பழைய கம்பெனியின் பெயரில் அவர் எதுவும் சொல்லவில்லை, தன் சொந்த அறிவில் தெரிந்ததை மட்டும் சொல்கிறார் என்பதையும் முதல் பத்தியிலேயே எழுதியிருந்தேன். அதோடு அவர் அப்போது என்ன பதவியில் இருந்தார், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்னை மேற்பார்த்தார், இப்போது எங்கே இருக்கிறார், தொடர்பு எண், மெயில் என்ற விவரங்களும் இருந்தன. அவர் அங்கே வேலை பார்த்ததற்கு அவருடைய ரிலீவிங் லெட்டரின் நகலையும் கேட்டு வாங்கினேன். இல்லாவிட்டால் ‘யாரோ ஒருவர்’ சத்தியம் செய்ததாகிவிடும்.

சம்பளமும் வேலை நேரமும் அவருக்குத் துல்லியமாகத் தெரியாது, அதனால் எண்ணாக எதையும் சத்தியத்தில் சேர்க்கவில்லை. சம்பளத்துக்கு ஃபார்ம் 16 பேசட்டும். நேரத்துக்கு மட்டும், சைட்டில் வாரம் ஆறு நாள் முழுநேரம் என்று எழுதச் சொன்னேன். கனடாக் கணக்கில் வாரம் 30 மணி நேரம் இருந்தாலே முழுநேரம். அதற்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் கூடுதல் அனுபவமாகச் சேராது. நம் சைட் ஆட்களுக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் தெரியும்.

நோட்டரி விஷயத்தில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தேன்: முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக வேண்டாம், நோட்டரி முன்னால்தான் போட வேண்டும். முத்திரைத்தாள் அவர் பெயரில் வாங்கியது. செலவை நான் அனுப்பினேன். வேண்டாம் என்றார், விடவில்லை. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்தும் நோட்டரி முத்திரையும் இருக்கிறதா என்று ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்ததில் இரண்டாம் பக்கத்தில் முத்திரை விழவில்லை. ஏப்ரல் 20 என்று கேட்டது இதற்குத்தான்; சார் மறுபடி போய் வாங்கிவர நேரம் இருந்தது.

2019 மார்ச்சுக்குப் பிறகான இரண்டு வருடத்துக்கு அவரால் எதுவும் சொல்ல முடியாது. அவர் இல்லாத காலத்துக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். வேண்டவே வேண்டாம். சார் விலகிய தேதி அவருடைய ரிலீவிங் லெட்டரிலேயே இருக்கிறது, அதிகாரி ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார். அந்தக் காலத்துக்கு, என்னோடு அதே சைட்டில் இருந்த சீனியர் இன்ஜினியரிடம் தனியாக ஒன்று வாங்கினேன்.

பதிவேற்றும்போது ஒரு வேலைக்கு ஒரே இடம்தான் தருவார்கள், அதுவும் 4 எம்.பி.க்குள். விளக்கக் கடிதம், ஹெச்.ஆர். மறுப்பு, இரண்டு அஃபிடவிட், அவர்களுடைய சான்றுகள், நாலு வரி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், சம்பளக் காகிதங்கள் என்று இந்த வரிசையில் ஒரே பி.டி.எஃப். ஆக்கினேன். அளவைக் குறைத்தபோது நோட்டரி முத்திரை மங்கியது. அந்தப் பக்கங்களை மட்டும் தெளிவாக வைத்து, சம்பளச் சீட்டுகளைக் கறுப்பு வெள்ளையில் போட்டேன். விண்ணப்பம் போன அன்றே, பத்திரத்தின் இறுதி நகலைச் சாருக்கு அனுப்பினேன். மாதங்கள் கழித்து யாராவது கேட்டால் தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று அவர் தேடக்கூடாது அல்லவா.