நைனா ஜன்னலும் நான்கு லிமிட் ஸ்விட்சும்

எங்கள் வீடு காசிமேட்டில், இரண்டாவது மாடி. நைனாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் கிழக்கு பார்த்த ஒரு ஜன்னல். பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற அலுமினியச் சட்டம். வெயில் காலத்தில் கடல் காற்றுக்குத் திறந்து வைத்தாக வேண்டும். ஐப்பசியில் சாரல் அடித்தால் அடுத்த நிமிடம் மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் மெத்தை நனைந்துவிடும். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவரால் எழுந்து எட்டித் தள்ள முடியவில்லை. நாங்கள் வேலைக்குப் போன பிறகு பகலில் நான்கைந்து மணி நேரம் தனியாக இருப்பார். அதனால் கட்டில் ஓரத்தில் இரண்டு பட்டன் வைத்து, ஜன்னலுக்கு மோட்டார் போட முடிவு செய்தேன்.

ரிச்சி தெருவில் 12 வோல்ட், 60 ஆர்.பி.எம் கியர் மோட்டார் ஒன்று, L298N டிரைவர் போர்டு ஒன்று, ஆர்டுயினோ, கொஞ்சம் மைக்ரோ ஸ்விட்ச் வாங்கினேன். ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்த்தும் லீட் ஸ்க்ரூ கம்பியும் அதற்கான பித்தளை நட்டும் அங்கேயே கிடைத்தன. ஜன்னல் நகர வேண்டிய தூரம் 40 சென்டிமீட்டர். அப்படியென்றால் 50 சுற்று, நிமிடத்துக்கு 60 சுற்று, ஆக 50 விநாடி. மாட்டிப் பார்த்தால் 62 விநாடி ஆனது. மீட்டர் வைத்துப் பார்த்தேன்: அடாப்டரில் 12 வோல்ட், மோட்டார் முனையில் 9.8 தான். L298N பழைய வகை டிரான்சிஸ்டர் சிப். அதன் வழியாகப் போகும்போதே சுமார் இரண்டு வோல்ட் வெப்பமாகப் போய்விடும். ஜன்னலுக்கு இந்த வேகமே போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த சிப்புக்குள் இருக்கும் எச்-பிரிட்ஜ் என்பது நான்கு ஸ்விட்ச். நடுவில் குறுக்குக் கோடாக மோட்டார். ஒரு மூலைவிட்ட ஜோடி மூடினால் மோட்டார் ஒரு பக்கம் சுற்றும், மற்ற ஜோடி மூடினால் எதிர்ப்பக்கம். போர்டில் IN1 பின் உயர்ந்து IN2 பின் தாழ்ந்தால் திறக்கும், மாற்றிக் கொடுத்தால் மூடும். பிரிட்ஜை இயக்கி வைக்கும் ENA பின் உயர்ந்திருக்க, இரண்டையும் தாழ்த்தினால் மோட்டாரின் இரு முனையும் ஒன்று சேர்ந்து பிரேக் பிடிக்கும். இது எந்தப் பாடத்திலும் இருக்கும். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது ஜன்னலை ஓரத்தில் நிறுத்துவதுதான்.

முதலில் இரு ஓரத்திலும் லிமிட் ஸ்விட்சாக ஒரு மைக்ரோ ஸ்விட்ச் வைத்து, இரண்டையும் அடாப்டர் வரும் லைனிலேயே வரிசையாகப் போட்டேன். எதை அழுத்தினாலும் கரண்ட் கட் ஆகும் அல்லவா? ஆனது. ஜன்னல் அழகாக மூடி நின்றது. அதோடு சரி, திறக்கவே இல்லை. மூடிய ஜன்னல் ஸ்விட்சை அழுத்திக்கொண்டே நிற்கிறது. ஸ்விட்ச் விடுபட ஜன்னல் நகர வேண்டும். நகரக் கரண்ட் வேண்டும். கரண்டை ஸ்விட்ச் தடுக்கிறது. ஸ்க்ரூவைக் கையால் திருகித்தான் திறந்தேன். மூடும் ஓரத்து ஸ்விட்ச் மூடுவதை மட்டும்தான் தடுக்க வேண்டும், திறப்பதைத் தொடவே கூடாது. எல்லாம் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

அடுத்து ஸ்விட்சை ஆர்டுயினோவுக்குக் கொடுத்தேன். காமன் கால் கிரவுண்டுக்கு, அழுத்தாதபோது காமனோடு சேர்ந்திருக்கும் என்.சி கால் ஆர்டுயினோ பின்னுக்கு. அழுத்தாதபோது LOW, அழுத்தினால் HIGH. அழுத்தும்போது மட்டும் காமனோடு சேரும் என்.ஓ காலைப் பயன்படுத்தாததற்குக் காரணம் உண்டு. ஒயர் அறுந்தாலும் கழன்றாலும் பின் HIGH ஆகும், அதாவது "ஓரத்துக்கு வந்துவிட்டேன்" என்று சொல்லி மோட்டார் நிற்கும். என்.ஓ-வில் அறுந்த ஒயர் எதுவும் சொல்லாது, மோட்டார் முட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்விட்சும் ஒரே நேரத்தில் அழுந்தியதாகக் காட்டினால் அது நடக்க முடியாத விஷயம். கனெக்டர் கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

```
bool pressed(int pin) {
  for (int i = 0; i < 5; i++) {
    if (digitalRead(pin) == LOW) return false;
    delay(2);
  }
  return true;
}

void checkEnds() {
  if (dir > 0 && pressed(OPEN_SW))  halt();
  if (dir < 0 && pressed(CLOSE_SW)) halt();
  if (dir != 0 && millis() - startedAt > 75000UL) fault();
}
```

ஐந்து முறை படிப்பது பிறகு சேர்த்தது. முதலில் ஒரே முறை படித்தபோது ஜன்னல் வழியில் எங்கேயாவது சும்மா நின்றுவிடும். மோட்டார் பிரஷ்ஷில் எழும் பொறியால் வரும் மின் இரைச்சல், அதே கேபிளில் போன ஸ்விட்ச் ஒயரில் ஏறியிருக்கிறது. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து, ஸ்விட்ச் ஒயரைத் தனியாக இழுத்து, ஐந்து முறை படிக்கவும் வைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

அதற்கு மேல் ஓடினால் மோட்டாரை நிறுத்திச் சிவப்பு விளக்கை விட்டு விட்டு எரியவிடும் அந்த 75 விநாடிக் கெடுவும் பிறகு வந்ததுதான். அது இல்லாத நாட்களில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கருகிய வாடை. மூடும் ஓரத்து ஸ்விட்சின் நெம்பு லேசாக வளைந்து, ஜன்னல் சட்டத்தில் முட்டிய பிறகும் அழுந்தவில்லை. மோட்டார் முட்டியபடியே நின்றிருக்கிறது. ஓடும்போது 0.8 ஆம்ப் இழுக்கிற மோட்டார் முட்டி நின்றால் 2.4 ஆம்ப் இழுக்கும். L298N ஒரு பக்கத்துக்குத் தாங்குவது 2 ஆம்ப். போர்டு போனது. பக்கத்தில் நைனா தூங்கிக்கொண்டிருந்தார். நல்லவேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புரோகிராமை மட்டும் நம்பக் கூடாது என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான். ஓரத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு ஸ்விட்ச் சேர்த்தேன். இவை ஆர்டுயினோவுக்குப் போகாது, மோட்டார் ஒயரிலேயே வரிசையாக உட்காரும். ஒவ்வொன்றின் காமன், என்.சி கால்களுக்குக் குறுக்கே ஒரு 1N5408 டையோடு. அது 3 ஆம்ப் தாங்கும். எல்லோர் டப்பாவிலும் கிடக்கிற 1N4007 ஒரு ஆம்ப்தான், இங்கே போதாது.

மூடும் ஓரத்து ஸ்விட்ச் அழுந்தினால், மூடும் திசைக் கரண்டுக்கு ஸ்விட்சும் வழி விடாது, டையோடும் விடாது. திறக்கும் பட்டனை அழுத்தினால் பிரிட்ஜ் கரண்டைத் திருப்பும், அந்தத் திசையில் டையோடு வழி விடும். அரை விநாடி டையோடு வழியாக ஓடி, நெம்பு விடுபட்டதும் மறுபடி ஸ்விட்ச் வழியாக ஓடும். முதல் நாள் கரண்ட் லைனில் மாட்டித் தவித்தேனே, அதற்கான விடை இரண்டு டையோடில் இருந்தது.

ஆனால் ஓடுகிற மோட்டாரின் கரண்டை இப்படி வெடுக்கென்று அறுத்தால் தொடுமுனையில் பொறி பறக்கும். போர்டில் உள்ள காப்பு டையோடுகள் ஸ்விட்சுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அவை உதவாது. அதனால் தினமும் நிறுத்துகிற வேலை ஆர்டுயினோ ஸ்விட்சுக்கு. நான்கு மில்லிமீட்டர் தள்ளி இருக்கிற டையோடு ஸ்விட்ச் அது தவறினால் மட்டும்.

திறக்கும் ஓரத்தில் நான்கு மில்லிமீட்டருக்கு இடம் இருக்கிறது. மூடும் ஓரத்தில் ஜன்னல் சட்டத்தில் முட்டிவிட்டால் அப்புறம் ஏது இடம்? ராயபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கேட்டேன். பார்த்த உடனே, "இன்னா தம்பி, ஜன்னலையே ஏன் நட்டோட முடுக்குறே? நடுவுல ஸ்பிரிங் குடு. நட்டு போவட்டும், ஜன்னல் நிக்கட்டும்" என்றார். பத்து மில்லிமீட்டர் அமுங்குகிற ஸ்பிரிங் ஒன்றை நட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வைத்து, ஒரு பிராக்கெட்டும் அடித்துக் கொடுத்தார். இப்போது ஸ்விட்சுகள் பார்ப்பது ஜன்னலை அல்ல, நட்டை. ஜன்னல் முட்டிய பிறகு ஸ்பிரிங் மூன்று மில்லிமீட்டர் அமுங்கினால் முதல் ஸ்விட்ச், ஏழில் டையோடு ஸ்விட்ச். ஸ்பிரிங் எப்போதும் அழுத்திப் பிடிப்பதால் சாரலும் உள்ளே வருவதில்லை.

பயன்படுத்தத் தொடங்கும் முன் ஒரு சோதனை அவசியம். ஜன்னலை நடுவில் நிறுத்தி, மூடும் திசையில் ஓடவிட்டு, ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மூடும் ஓரத்து ஸ்விட்சுகளில் எதை அழுத்தினாலும் நிற்க வேண்டும், திறக்கும் ஓரத்தவற்றை அழுத்தினால் நிற்கக் கூடாது. பிறகு திறக்கும் திசையில் இதையே மாற்றிச் செய்யுங்கள். டையோடு தலைகீழாக இருந்தாலும், மோட்டார் ஒயர் மாறியிருந்தாலும் இதில் தெரிந்துவிடும். ஒயர் மாறியிருந்தால் ஆர்டுயினோ திறப்பதாக நினைத்து மூடிக்கொண்டிருக்கும். மூடும் ஓரத்து ஸ்விட்ச் அழுந்தினாலும் திரும்பிப் பார்க்காது. எனக்கு ஒரு டையோடு மாறித்தான் இருந்தது.

பட்டனை மாற்றி அழுத்தினால் உடனே திருப்பாமல், பிரேக் பிடித்து அரை விநாடி பொறுத்துத் திருப்புகிறேன்; இல்லாவிட்டால் கியர் பல்லில் அடி விழும். கரண்ட் போய் வந்தால் ஜன்னல் எங்கே நிற்கிறது என்று ஆர்டுயினோவுக்குத் தெரியாது. அதனால் தானாக நகராமல், பட்டனுக்காகக் காத்திருக்கும்.

கடைசியாகக் கடல் காற்று. ஸ்விட்ச் திறந்திருக்கும்போது பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து HIGH ஆக்குவது ஆர்டுயினோவுக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர். அது மிகப் பெரியது, 20 முதல் 50 கிலோ ஓம். ஸ்விட்ச் வழியாக ஓடுவது கால் மில்லிஆம்புக்கு மேல் போகாது. உப்புக் காற்றில் தொடுமுனையில் படியும் மெல்லிய படலத்தை அந்தக் கரண்டால் உடைக்க முடியாது. நாலாவது மாதம் ஜன்னல் ஓரத்துக்கு வராமலேயே நிற்க ஆரம்பித்தது. ஸ்விட்சை நாலைந்து முறை தட்டினால் சரியாகிவிடும். வெளியே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்குப் போட்டேன், 5 மில்லிஆம்ப் ஓடுகிறது, பிரச்சினை போனது. மோட்டார் ஒயரில் உள்ள ஸ்விட்சுகளுக்கு இது வரவில்லை, அவற்றில் ஓடும் கரண்ட் பெரியது.

போன கார்த்திகை மழையில் ஒருநாள் மதியம் நைனா போன் செய்தார். "சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுதுடா, ஜன்னல் மட்டும் மூடித்தான் இருக்கு." மூடும் ஓரத்து முதல் ஸ்விட்ச் போயிருக்கிறது, டையோடு ஸ்விட்ச் நிறுத்தியிருக்கிறது, 75 விநாடி முடிந்து விளக்கு எரிகிறது. "திறக்குற பட்டனை அழுத்திப் பாரு நைனா" என்றேன். திறந்தது. சாயங்காலம் ரப்பர் உறை போட்ட ஸ்விட்ச் ஒன்றை வாங்கி வந்து மாற்றினேன்.