ஃபெரான்டி பிராக்டிகல்: 240 வரவேண்டிய இடத்தில 235

நீளமான மின் லைன்ல லோட் இல்லாட்டி, அனுப்புற வோல்ட்டேஜை விடக் கடைசி முனையில கூட வரும், அதுதான் ஃபெரான்டி விளைவு. அதை அளந்து பாக்கத் திருகோணமலையில நாங்க படிக்கிற இடத்து லாப்ல லோங் லைன் மொடல் ஒண்டு கிடக்கு. 100 கிமீக்கு ஒண்டா நாலு பை செக்‌ஷன், ஒவ்வொண்டிலயும் 100 மில்லிஹென்றி கொயில், அதின்ட ரெண்டு பக்கமும் 0.55 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர். லோட் இல்லாம 220 வோல்ட் குடுத்தா கடைசி முனையில 240.6 வரவேணும், அனுப்புற வோல்ட்டேஜை cos(βl) ஆல பிரிச்சா அதுதான் வரும், βl எண்டுறது லைன் நீளத்துக்கு வாற கோணம், 400 கிமீக்கு அது கிட்டத்தட்ட 24 டிகிரி. எங்களுக்கு வந்தது 235 தான்.

லாப் பொறுப்பாளரிட்ட சொன்னா, மீற்றர் பிழையா இருக்கும், வந்ததை எழுதிட்டு ரிப்போட்டைக் குடுங்க எண்டுட்டார். வேற மீற்றர் கேட்டா கடிதம் வேணுமாம், கடிதத்தோட போனா கையெழுத்து போடுறவர் லீவாம். எனக்கு இப்பவும் ஆத்திரம்தான் வருது, ஏனெண்டா மீற்றர்ல ஒரு பிழையும் இல்லை.

கடைசி முனையை மட்டும் பாக்காம ஒவ்வொரு செக்‌ஷன் முடிவிலயும் அளந்து பாத்தம். சரியான லைன் எண்டா 220, 229, 235.4, 239.3, 240.6 எண்டு ஏறவேணும், ஏற்றம் முனைக்குக் கிட்ட வரவர குறையுமே தவிர நிக்காது. எங்கட லைன்ல 300 கிமீலயும் 235, 400 கிமீலயும் அதே 235. கொயிலுக்குள்ளால சார்ஜிங் கரண்ட் போனாத்தான் ஃபெரான்டி ஏற்றம் வரும், அந்தக் கரண்ட் 90 டிகிரி முந்திப் போறதால கொயில்ல விழுற வோல்ட்டேஜ் தலைகீழா நிண்டு அடுத்த பக்கத்தைக் கூட்டிவிடும். ஏற்றமே இல்லையெண்டா கடைசிக் கொயில்ல கரண்ட் இல்லை, அப்ப கடைசிக் கப்பாசிட்டர் திறந்து கிடக்கு. பவரை நிப்பாட்டி, டிஸ்சார்ஜ் பண்ணி (இதை மறக்கவே கூடாது), கழட்டிப் பாத்தா அதேதான், உள்ள கம்பிக் கால் விட்டிருந்தது.

சென்ட்ரல் ரோட் கடையளில 0.55 இல்லை, வெயிலுக்குள்ள அலைஞ்சதுதான் மிச்சம். கடைசியா 1 மைக்ரோ ஃபேன் கப்பாசிட்டர் ரெண்டை வாங்கி சீரிஸாப் போட்டு 0.5 ஆக்கினம். ஏசி வோல்ட்டேஜ் போட்டதைத்தான் வாங்கவேணும், டீசி எண்டு போட்டதைத் தந்தா வேண்டாம் எண்டு சொல்லுங்க. போட்டதும் 240! பொறுப்பாளர் வந்து பாத்திட்டு ஒண்டும் பேசாம கையெழுத்து வைச்சார்.

லைனை ஓன் பண்ணினாப்பிறகு, வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கிற வேரியாக்கைத் திரும்ப 220க்குக் கொண்டுவாங்க, சார்ஜிங் கரண்ட் அதையும் கொஞ்சம் தூக்கிவிடும், அதைக் கவனிக்காட்டி கணக்கு ஒத்துவராது. செக்‌ஷனைக் குறைச்சும் ஒருக்கா அளந்து பாருங்க, 100 கிமீ லைன் மட்டும் எண்டா அரை வீதம்தான் ஏறும், முழு 400க்கு ஒன்பது வீதத்துக்கு மேல.

ஏறின வோல்ட்டேஜைக் கொயில் போட்டு இறக்கிற ரியாக்டர் பகுதிக்கும் சாமான் தரேல்ல. பழைய ட்யூப்லைட் சோக் நாலை சீரிஸாக் கட்டி முனையில குறுக்கால போட்டம், 240 இறங்கி 222ல வந்து நிண்டது.