யார் மூடுவது?

எங்களைப் போன்ற சிறிய நிறுவனத்துக்கு, வாடிக்கையாளர் சொல்லும் சிக்கல்களைப் பதிந்து பின்தொடர எந்த டிராக்கர் பொருத்தம் என்பதில் நான் அதிகம் தயங்கவில்லை. வாடிக்கையாளர்கள் மிகச் சிலர். அவர்கள் தரப்பில் இருப்பவர்களுக்கும் உள்நுழைவு கொடுக்க வேண்டும் என்பது மட்டும் முன்பே முடிவாகியிருந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சேவைகளில் பல, பயனர் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைக்கின்றன, அந்த வரம்பில் வாடிக்கையாளரின் ஆட்களும் சேர்ந்துவிடுகிறார்கள். சொந்த சர்வரில் நிறுவக்கூடியவற்றில் பக்சில்லாவின் படிவம் வெளியாட்களை மிரட்டும். மான்டிஸை நிறுவுவது எளிதுதான். ஆனாலும், விக்கியும் கோப்புகளும் வாடிக்கையாளர்வாரியாக ஒரே இடத்தில் இருக்கும் என்பதற்காக ரெட்மைனைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வைப் பற்றி எனக்கு இன்றும் குறையில்லை. மனத்தை அரிப்பது அதற்குள் இருக்கும் ஒரே ஒரு டிக் பெட்டி.

முதல் அமைப்பை இயன்றவரை எளிமையாக வைத்தேன். வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு புராஜெக்ட். வகைகளில் `Bug`, `Feature` இரண்டு மட்டும். நிலைகளில் `Rejected` தவிர மற்றவற்றை அப்படியே விட்டேன். `New`, `In Progress`, `Resolved`, `Feedback`, `Closed` என்ற ஐந்தும் எங்களுக்குத் தாராளமாகப் போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. ரெட்மைனில் புதிய புராஜெக்ட் இயல்பாகவே பொதுவானதாக உருவாகும், அதாவது உள்நுழைந்த எவரும் அதைப் பார்க்கலாம். ஒரு வாடிக்கையாளரின் சிக்கல்களை இன்னொரு வாடிக்கையாளர் படிக்க நேர்ந்தால் அதற்குப் பிறகு விளக்கம் சொல்லிப் பயனில்லை. ஆகவே அந்த இயல்பு அமைப்பை நீக்கினேன். பிறகு சோதனைக்காக ஒரு வாடிக்கையாளர் கணக்கை உருவாக்கி, அதன் வழியாகவே உள்ளே போய் என்ன தெரிகிறது என்று பார்த்த பின்புதான் யாருக்கும் கடவுச்சொல் அனுப்பினேன்.

அடுத்து பணிப்போக்கு அட்டவணை. யார் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாற்றலாம் என்று கட்டம் கட்டமாக டிக் போடும் இடம் அது. ரெட்மைனின் இயல்பு அமைப்பில் டெவலப்பரே ஒரு டிக்கெட்டை, அதாவது பதிவான ஒரு சிக்கலை, `Closed` ஆக்கலாம். அந்த உரிமையை எடுத்துவிட்டேன். டெவலப்பர் `Resolved` வரை கொண்டுபோகலாம்; சரியாகிவிட்டதா என்று பார்த்து மூடுவது, சிக்கலைச் சொன்ன வாடிக்கையாளரின் வேலை. சரியாகவில்லை என்றால் அவர் `Feedback` என்று திருப்பி அனுப்பலாம். மூடியதை அவரே மறுபடி திறக்க இயல்பு அமைப்பில் வழியில்லை என்பதால், `Closed` இலிருந்து `Feedback` க்குப் போகவும் அவருக்கு ஒரு டிக் சேர்த்தேன். காகிதத்தில் இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை என்று அப்போது நினைத்தேன்.

வாடிக்கையாளர்களுடன் தினமும் பேசுபவர் எங்கள் சகா ஒருவர். ஒரு மாதாந்திரக் கூட்டத்துக்குப் பிறகு அவர் என்னிடம் வந்தார். வாடிக்கையாளர் தரப்பு மேலாளர் புராஜெக்டின் முகப்புப் பக்கத்தைத் திறந்து, திறந்திருப்பவை 31 என்ற எண்ணைக் காட்டி, இத்தனை வேலை பாக்கியா என்று கேட்டிருக்கிறார். உண்மையில் பாக்கி 9 தான். மீதி 22 நாங்கள் முடித்து `Resolved` என்று வைத்தவை. அவர்கள் பார்த்து மூடாதவை. ரெட்மைனைப் பொறுத்தவரை `Resolved` என்பது மூடிய நிலை அல்ல. எந்த நிலை மூடியதாகக் கணக்கில் வரும் என்பதை நிலைகளின் அமைப்பில் உள்ள `Issue closed` என்ற பெட்டிதான் தீர்மானிக்கிறது.

"சார், அந்த `Resolved` க்கும் ஒரு டிக் போட்டுடலாமே. எண்ணிக்கை ஒன்பதுக்கு வந்துடும். அவங்க எப்படியும் மூடப் போறதில்லை" என்றார்.

"நாம முடிச்சுட்டோம்னு நாமளே சொல்லிக்கிட்டா, அப்புறம் அவங்களுக்கு எதுக்கு லாகின்?" என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, "நமக்குச் செய்ய வேண்டிய வேலையை அவங்க தலையில கட்டிட்டு, அதை உரிமைன்னு சொல்றோம் சார்" என்றார். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. டிக்கும் போடவில்லை.

என் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த 22 இல் ஒன்று, விலைப்பட்டியலின் மொத்தத்தில் இரண்டாம் தசமத்தில் வரும் வேறுபாடு. வரிசைக்கு வரிசை வரித்தொகையை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிக் கூட்டியதால் வந்த பிழை என்று கண்டுபிடித்து, கூட்டிய பிறகு ஒருமுறை மட்டும் முழுமையாக்கும்படி டெவலப்பர் திருத்தியிருந்தார். எங்கள் சோதனையில் எல்லாம் சரியாகவே வந்தது. மாதக் கடைசியில் தள்ளுபடி உள்ள ஒரு பட்டியலை அடித்தபோதுதான் வேறுபாடு மீண்டும் தலைகாட்டியது, ஏனெனில் தள்ளுபடியைக் கணக்கிடும் பகுதி தனியே முழுமையாக்கிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் அதே டிக்கெட்டை `Feedback` என்று திருப்பினார். பழைய திருத்தமும் இணைத்த பட்டியலும் கண்முன் இருந்ததால், எங்கே தேட வேண்டும் என்பது உடனே தெரிந்தது. திறந்தவற்றின் பட்டியலிலிருந்து அது மறைந்துபோயிருந்தால் அவர் புதிதாக ஒன்றைப் போட்டிருப்பார், நாங்கள் முதலிலிருந்து தொடங்கியிருப்போம் என்றே நம்புகிறேன்.

ஆனால் அப்படித் திரும்பி வந்தது அந்த ஒன்றுதான். மற்றவை யாரும் தொடாமல் கிடந்தன. ஒன்றுக்காக இருபத்தொன்றைத் திறந்து வைத்திருப்பது கவனமா, பிடிவாதமா என்று இப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. திறந்தவற்றின் எண்ணிக்கை பெருகினால் அந்தப் பட்டியலை யாரும் படிப்பதில்லை என்பதும் உண்மை. உண்மையான ஒன்பதும் அந்தக் கூட்டத்துக்குள் கண்ணில் படாமல் போகும்.

பிறகு ஒரு நடுவழியைப் பிடித்தோம். நிலை `Resolved`, கடைசியாக மாறி 14 நாளுக்கு மேல் ஆனவை என்று ஒரு வடிகட்டியைச் சேமித்து வைத்தோம். அதில் வருபவற்றை, பதில் வராததால் மூடுகிறோம், தேவைப்பட்டால் திறக்கலாம் என்ற குறிப்புடன் அந்தச் சகாவே மொத்தமாக மூடுவார். முதல் முறை அப்படிச் செய்தபோது டிக்கெட்டுக்கு ஒன்று வீதம் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் குவிந்து, அவர் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தார். அதன் பிறகு, மூடுவதற்கு முந்தைய நாள் பட்டியலை ஒரே கடிதமாக அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம். விந்தை என்னவென்றால், அந்தக் கடிதத்துக்கு அவர்கள் பதில் எழுதினார்கள். டிராக்கரில் பேசாதவர்கள் கடிதத்தில் பேசினார்கள்.

இப்போது எண்ணிக்கை சரியாக இருக்கிறது, கூட்டங்களில் யாரும் முகப்புப் பக்கத்தைச் சுட்டிக்காட்டுவதில்லை. என்றாலும், பதினான்கு நாள் கழித்து நாங்களே மூடுவதும், அன்றைக்கே அந்தப் பெட்டியில் டிக் போடுவதும் சாரத்தில் ஒன்றுதானே என்று சகா கேட்டால் என்னிடம் முழுமையான பதில் இல்லை. முன்னறிவிப்பு இருக்கிறது, திறக்கும் வழி இருக்கிறது என்று சொல்லலாம். மாதக் கட்டணம் தரும் வாடிக்கையாளரிடம் அது போதும். டிக்கெட் மூடியதும் பணம் என்று ஒப்பந்தம் கேட்கும் ஒருவர் இப்போது வர இருக்கிறார். அவருடைய மௌனத்தை வைத்து மூடிவிட்டு அதற்கே விலைப்பட்டியலும் அனுப்பலாமா என்பதை அவரிடமே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும் என்கிறார் சகா. பணிப்போக்கு அட்டவணையில் அவர் புராஜெக்டுக்கு மட்டும் வேறு விதி வைக்க ரெட்மைன் விடாது. விதிகள் டிக்கெட்டின் வகையையும் பயனருக்குத் தரும் பொறுப்பையும் சார்ந்தவை. ஆகவே அவருக்கென ஒரு தனிப் பொறுப்பை உருவாக்கியிருக்கிறேன். அதில் `Closed` க்கு எந்தக் கட்டங்களில் டிக் போடுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.