கவர் லெட்டரின் முதல் வரியை நான்கு முறை திருத்திய கதை

கிடங்கில் சரக்கு இருப்புக் கணக்கு பார்ப்பது என் வேலை. வேறு வேலை தேடியபோது ஒரே மாதிரி கவர் லெட்டரைப் பதினோரு இடங்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. அதன் முதல் வரி இது:

"தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றும் வாய்ப்பைப் பெருமையாகக் கருதி இதை எழுதுகிறேன்."

முன்பு எனக்கு மேற்பார்வையாளராக இருந்த அக்காவிடம் காட்டினேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்களைப் படித்துப் பழகியவர். "தம்பி, இதுல கம்பெனி பேரே இல்லையே, யாருக்கு வேணும்னாலும் அனுப்பலாம் போல" என்று சிரித்தார். அனுப்பியும்தானே இருந்தேன்.

அடுத்ததாக, விண்ணப்பிக்கவிருந்த ஒரு நிறுவனத்தின் பெயரைச் சேர்த்தேன். அவர்களுடைய இணையதளத்திலிருந்து "வாடிக்கையாளரே முதன்மை என்ற உங்கள் கொள்கை என்னைக் கவர்ந்தது" என்று ஒரு வரியையும் எடுத்துப் போட்டேன். அக்கா அதையும் ஏற்கவில்லை. "அவங்க எழுதினதையே அவங்களுக்குத் திருப்பிச் சொல்ற. உனக்கு அவங்களப் பத்தி வேற என்ன தெரியும்?" எதுவும் தெரியாது. முகஸ்துதி எங்கே ஆரம்பிக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. பாராட்டு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல எனக்குக் காரணம் ஒன்றும் இல்லையென்றால் படிப்பவருக்கு அது தெரிந்துவிடுகிறது.

கோபத்தில் மூன்றாவது முறை நேர்மாறாக எழுதினேன்: "நீங்கள் தேடும் திறமையான, உழைப்பு மிகுந்த இருப்புக் கணக்காளர் நானே." இதை அனுப்பாமல் விட்டதற்கு இன்றும் நிம்மதி. திறமை, உழைப்பு எல்லாம் படிப்பவர் போட வேண்டிய மார்க். அதை நானே போட்டுக்கொண்டால் அவருக்கு வேலையே இல்லை.

அப்புறம்தான் அவர்களுடைய வேலை விளம்பரத்தை ஒழுங்காகப் படித்தேன். முதலில் படித்தபோது சம்பளத்தையும் இடத்தையும்தான் பார்த்திருந்தேன். நடுவில் ஒரு வரி இருந்தது: மாத முடிவில் இருப்புக் கணக்கில் வரும் வித்தியாசத்தைக் குறைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பொதுவான தகுதிகளுக்கு நடுவே இப்படிக் குறிப்பாக ஒன்று வந்தால், அங்கே நிஜமாகவே வலி இருக்கிறது என்று அர்த்தம். அந்த வலி எனக்குத் தெரிந்ததுதான்.

எங்கள் கிடங்கிலும் மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எண்ணுவோம். 3 நாள் போகும். அப்படியும் கணக்கு இடிக்கும். தினமும் 40 வகைப் பொருள் என்று பிரித்து எண்ண ஆரம்பித்தேன். அன்றன்றைக்கே எண்ணியதால் காரணமும் சிக்கியது: திரும்பி வரும் சரக்கு உடனே ரேக்குக்குப் போய்விடுகிறது, கணக்கில் மறுநாள்தான் ஏறுகிறது. அதைச் சரிசெய்த பிறகு மாத முடிவு வேலை ஒரு நாளில் முடிந்தது.

நான்காவது வரி இப்படி வந்தது:

"மாத முடிவில் 3 நாள் பிடித்த எண்ணும் வேலையை, தினமும் 40 வகையாகப் பிரித்து ஒரு நாளுக்குக் கொண்டுவந்தோம்; உங்கள் இருப்பு வித்தியாசத்தை நான் தேடினால் முதலில் திரும்பி வரும் சரக்கின் பதிவைத்தான் பார்ப்பேன்."

'கொண்டுவந்தேன்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். யோசனை என்னுடையது, எண்ணியவர்கள் மூன்று பேர். நேர்முகத்தில் யாராவது தோண்டினால் நான் நெளிய வேண்டியிருக்கும், அதனால் 'கொண்டுவந்தோம்' ஆக்கினேன். பின்பாதியிலும் "உங்கள் பிரச்சினையைத் தீர்த்துவிடுவேன்" என்று போட கை துடித்தது. அவர்கள் கிடங்கை நான் பார்த்ததே இல்லை. எங்கே தேடுவேன் என்று சொல்லலாம், அங்கே இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. இன்ன பதவிக்கு விண்ணப்பிக்கிறேன் என்ற தகவலை மின்னஞ்சலின் தலைப்புக்கு மாற்றிவிட்டேன். அது தேவையான தகவல்தான், ஆனால் முதல் வரியை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்படிச் சொல்ல எண் எல்லோரிடமும் இருக்காது. என் தங்கை இப்போதுதான் படிப்பை முடித்தாள். அவளுடைய கடிதத்தில் "கல்லூரி ஆய்வகத்தின் பொருள் பதிவேட்டை ஓராண்டு நான் பராமரித்தேன்; யார் எதை எடுத்தார்கள் என்ற தகராறுக்காகவே அதில் கையெழுத்துப் பத்தி ஒன்றைச் சேர்த்தேன்" என்று தொடங்கினோம். சின்ன விஷயம்தான், ஆனால் அவள் செய்தது.

என்னை அழைத்தார்கள். உட்கார்ந்ததும் வந்த முதல் கேள்வி: "அந்த 40-ல எதை முதல்ல எடுத்தீங்க, விலை அதிகமானதையா, வேகமா நகர்றதையா?" வேகமாக நகர்வதை என்றேன், கை அதிகம் படும் இடத்தில்தான் பிழையும் அதிகம் வரும் என்பதால். அதிலிருந்தே இருபது நிமிடம் பேசினோம். அந்த வேலை கிடைக்கவில்லை, அவர்கள் பயன்படுத்தும் மென்பொருள் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த இரண்டு கடிதங்களில் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பாதியை மட்டும் அந்தந்த விளம்பரத்தைப் பார்த்துப் புதிதாக எழுதினேன். இரண்டாவது இடத்தில்தான் இப்போது வேலை செய்கிறேன்.