கால் இழுத்த குஞ்சுகளும் பொரித்த அன்றே போட்ட ஊசியும்

காரிமங்கலம் பக்கத்தில் தோட்டத்தோடு சேர்த்துச் சிறுவெடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன். போன தடவை பொரித்த குஞ்சுகள் இரண்டரை மாதம் வரை நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் ஒரு பெட்டை நொண்ட ஆரம்பித்தது. சில நாளில் ஒரு கால் முன்னாலும் மற்றது பின்னாலும் நீண்டு, அப்படியே படுத்துவிட்டது. தீனியை எதிரில் வைத்தால் ஆவலாகக் கொத்தியது. வெள்ளைக்கழிச்சல் நோயாக இருந்தால் பச்சைக் கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்துத் திருகல் என்று ஏதாவது தெரிந்திருக்கும். பி காம்ப்ளெக்ஸ் சொட்டும் கொடுத்துப் பார்த்தேன், அசைவில்லை. வைட்டமின் குறைவில் விரல் சுருளும், அதுவும் சின்னக் குஞ்சில்தான் வரும்.

செத்த பிறகு கால்நடை மருத்துவர் அறுத்துக் காட்டினார். தொடைக்குள் ஓடும் நரம்பு ஒரு பக்கம் மெல்லிசாக, பளபளவென்று குறுக்குக் கோடுகளோடு இருந்தது. மறுபக்கம் அது இரண்டு மடங்கு தடித்து, கோடே இல்லாமல் மங்கிக் கிடந்தது. “இது மேரக்ஸ்ங்கிற வைரஸ் நோய். மருந்து கிடையாதுங்க, மத்த குஞ்சுக்கு இனி ஊசி போட்டும் பிரயோஜனமில்லை” என்றார்.

காரணம், வைரஸ் இறகின் வேரில் வளர்ந்து பொடுகோடு உதிர்கிறது. அந்தத் தூசியை மூச்சில் இழுத்தாலே போதும், தொற்றிவிடும். கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் உயிரோடும் இருக்கும். குஞ்சு முதல் வாரத்திலேயே வாங்கிக்கொள்கிறது, கால் இழுப்பதோ மாதங்கள் கழித்து. நல்லவேளை, முட்டை வழியாக வராது. ஆகவே பொரித்த அன்றைக்குக் குஞ்சு சுத்தம். ஊசி அன்றைக்கே போட வேண்டும். லசோட்டா சொட்டு விட்டாயிற்றே என்று இருக்கக் கூடாது, அது வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும்.

இந்தத் தடவை இன்குபேட்டரில் வைத்தேன். தடுப்பூசிக் குப்பி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான குஞ்சுக்கானது, உடைத்தால் மிச்சம் வைக்க முடியாது. அதனால் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் நானும் ஒரே நாளில் பொரிக்கிற மாதிரி முட்டை வைத்தோம். குளிர்ந்த கரைப்பானில் கலந்து, ஐஸ் மேலேயே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் முடித்தோம். பின்கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கி, அதற்கடியில் 0.2 மில்லி. மருந்து மறுபக்கம் வெளியேறினால் கழுத்து மயிர் நனைந்திருக்கும், அந்தக் குஞ்சுக்குத் திரும்பப் போட்டோம். சிரிஞ்சை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது, அது தடுப்பூசியைக் கெடுத்துவிடும். கொதிநீரில் போட்டு ஆறவிட்டதே போதும்.

எதிர்ப்புச் சக்தி வர ஒரு வாரமாவது ஆகும். அதுவரை தனி அறை, புது உமி, வேறு செருப்பு. தாய்க்கோழியோடு விட்டால் அதன் இறகுத் தூசி ஊசியை முந்திவிடும். எனக்குத் தெரிந்து நம்ம ஊர் அடைக்கோழி முறையில் இதுதான் பெரிய ஓட்டை.

இப்போது மூன்று மாதம் தாண்டிவிட்டது, ஒன்றுகூட நொண்டவில்லை. ஆனால் ஆபத்துக் காலம் ஐந்தாறு மாதம் வரை இருப்பதால் தினமும் நடையைப் பார்க்கிறேன். இன்னொன்று, ஊசி நோயைத்தான் தடுக்கும், தொற்றைத் தடுக்காது. என் கோழிகள் கொழுகொழுவென்று இருந்தாலும் வைரஸை உதிர்த்துக்கொண்டிருக்கலாம். அதனால் சந்தையில் வாங்கும் ஊசி போடாத குஞ்சை இவற்றோடு விடுவதில்லை.